பார்வையாளரின் சொல்லிலிருந்து தொடங்குங்கள்: யூடியூப் பின் கமெண்ட்டை எழுதும் முறை

என் அக்காவின் சமையல் சேனலில் காணொளி எடுப்பதும் பேசுவதும் அவர். தலைப்பு வைப்பது, விளக்கக் குறிப்பு எழுதுவது, கமெண்ட்டுகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. இட்லி மாவு அரைப்பது பற்றி அவர் ஒரு காணொளி போட்டார். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்தக் காணொளியில் குளிர் நாள்களில் மாவை எப்படி வைக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். ஆனாலும் "மாவு பொங்கவே இல்லை, என்ன செய்வது?" என்று கமெண்ட் வந்துகொண்டே இருந்தது. கேட்டவர்கள் பார்க்காமல் கேட்கவில்லை. அக்கா காணொளி முழுவதும் "புளிக்க" என்றார். அவர்கள் "பொங்க" என்று தேடிக்கொண்டிருந்தார்கள். விடை ஏழாவது நிமிடத்தில் இருந்தது, கேள்வியோ இரண்டாவது நிமிடத்திலேயே வந்துவிட்டது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பின் செய்த கமெண்ட், அதாவது எல்லாக் கமெண்ட்டுகளுக்கும் மேலே நிற்கும்படி சேனல்காரர் குத்திவைக்கும் கமெண்ட். தலைப்பிலும் விளக்கத்திலும் இடம் கிடைக்காத சொற்களைப் பார்வையாளரின் கண்ணில் படும்படி வைக்கும் கூடுதல் விவரக்குறிப்பாக அதைப் பயன்படுத்தலாம். எப்படி என்பதை இந்த இட்லி மாவுக் காணொளியை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், எது எங்கே போக வேண்டும்

யூடியூப் ஒரு காணொளிக்கு மூன்று எழுத்திடங்கள் தருகிறது. தலைப்புக்கு 100 எழுத்துகள், விளக்கத்துக்கு 5000, டேக் எல்லாம் சேர்த்து 500. காணொளியைக் கண்டுபிடிப்பதில் தலைப்பு, முகப்புப் படம், விளக்கம் ஆகியவையே முக்கியம் என்பதையும், டேக் பெரும்பாலும் எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்கே உதவும் என்பதையும் யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. தேடல் எப்படி வேலை செய்கிறது என்று அது விளக்கும் இடத்திலும் தலைப்பு, டேக், விளக்கம், காணொளியின் உள்ளடக்கம் ஆகியவைதான் பேசப்படுகின்றன. கமெண்ட் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே பின் கமெண்ட்டில் இருபது தேடுசொற்களைக் கொட்டினால் தேடலில் மேலே வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதன் பலன் வேறு வழியில் வருகிறது. வந்தவர் தனக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறார். அது கிடைத்ததால் தொடர்ந்து பார்க்கிறார். தன் சொல்லில் பதில் எழுதுகிறார். அந்தச் சொல்லை நாம் எடுத்து விளக்கத்திலும் அடுத்த காணொளியின் தலைப்பிலும் வைக்கிறோம். தேடுசொல் இப்படிச் சுற்றி வந்துதான் வேலை செய்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பங்கீடு எளிது. காணொளி எதைப் பற்றியது என்பது தலைப்புக்கு. முழு அளவுகள், செய்முறைச் சுருக்கம், காணொளியை நேரக் குறிப்போடு பகுதி பகுதியாகப் பிரிக்கும் அத்தியாயங்கள் விளக்கத்துக்கு. idli, idly, maavu, mavu போன்ற எழுத்து வேறுபாடுகள் டேக்கிற்கு. நம் ஊர் உணவகப் பலகைகளில் பாதி idly என்றுதான் இருக்கும். அப்படியே தேடுபவர்களும் உண்டு. ஆனால் அந்த வேறுபாடுகளைக் கமெண்ட்டில் வரிசையாக அடுக்கினால் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. பின் கமெண்ட்டிற்கு உரியது ஒன்றுதான்: பார்த்துக்கொண்டிருப்பவர் மனத்தில் எழும் கேள்வி, அவர் கேட்கும் சொற்களில்.

சொற்களைத் திரட்டுவது

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாப் படியும் வீணாகும்.

கணினியில் YouTube Studio திறந்து, அந்தக் காணொளியின் Analytics பகுதிக்குப் போங்கள். பார்வைகள் எந்த வழியில் வந்தன என்ற பிரிவில் YouTube search என்பதைத் தேர்ந்தெடுத்தால், எந்தெந்தச் சொற்களைத் தட்டித் தேடியவர்கள் இந்தக் காணொளிக்கு வந்தார்கள் என்ற பட்டியல் வரும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய காணொளிக்குப் பட்டியல் வந்திருக்காது. அப்போது அதே பொருளில் நீங்கள் முன்பு போட்ட காணொளியின் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்து Studio-வின் Comments பகுதி. அங்கே வடிகட்டும் வசதியில் கேள்விகள் உள்ள கமெண்ட்டுகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம், ஒரு சொல்லைக் கொடுத்தும் தேடலாம். தமிழில் கேட்பவர்கள் பலர் கேள்விக்குறி போடுவதில்லை. "மிக்ஸில அரைக்கலாமா அக்கா" என்று எழுதி விட்டுவிடுவார்கள். அதனால் கேள்வி வடிகட்டியை மட்டும் நம்பாமல் "லாமா", "ஏன்", "எப்படி", "epdi", "yen" என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது நல்லது. நான் அப்படித் தேடியபோதுதான் மிக்ஸி பற்றிய கேள்விகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் வந்திருப்பது தெரிந்தது.

திரட்டியதை மூன்று குவியலாகப் பிரியுங்கள். காணொளியிலேயே விடை இருக்கும் கேள்விகள் ஒன்று. காணொளியில் விடை இல்லாதவை இன்னொன்று. நாம் ஒரு சொல்லைச் சொல்ல, பார்வையாளர் வேறு சொல்லைச் சொல்லும் இடங்கள் மூன்றாவது. இந்த மூன்றாவது குவியல்தான் தங்கம். புளிக்க, பொங்க, உப்பி வர என்று ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று சொற்கள். காய்கறிக் காணொளி போடுபவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கொத்தவரங்காய் என்று தலைப்பு வைத்தால், அதைச் சீனி அவரைக்காய் என்று அழைக்கும் தென் மாவட்டத்துக்காரருக்குத் தலைப்பில் தன் சொல் இல்லை.

எழுதுவது

திரட்டி முடித்ததும் நான் செய்த முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் எழுதிப் பின் செய்தது இது:

> இட்லி மாவு, பஞ்சு இட்லி, இட்லி மாவு அரைப்பது எப்படி, மல்லிகைப்பூ இட்லி, மாவு பொங்க டிப்ஸ், இட்லி தோசை மாவு, கிரைண்டர் மாவு, மிக்ஸி மாவு

ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது? படிப்பவரை எங்கும் கூட்டிப் போகாத சொற்கள் அவை. இப்படிப்பட்ட குவியலால் ஆபத்தும் உண்டு. பார்வையாளரைத் தவறாகக் கூட்டிவரும் வகையில் தலைப்பு, விளக்கம், டேக் ஆகியவற்றில் சொற்களைத் திணிப்பதை யூடியூபின் விதிகள் தடுக்கின்றன. விளக்கத்தில் டேக்குகளை மிதமிஞ்சி அடுக்குவதும் அதில் அடக்கம். கமெண்ட்டுகளுக்கும் ஸ்பாம் விதிகள் பொருந்தும்.

அதை மாற்றி எழுதியது இது:

> \*குளிரில் மாவு பொங்கவில்லையா?\* விடை இங்கே:
> 6:40 மாவு புளித்துப் பொங்க, குளிர் நாள்களில் எங்கே வைப்பது
> 3:15 கிரைண்டர் இல்லாமல் மிக்ஸியில் அரைக்க
> 8:05 இட்லி கல் போல் ஆனால் என்ன காரணம்
>
> திருத்தம்: 2:10 இல் உளுந்து அரை கப் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நான்கு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம்.
>
> உங்கள் ஊரில் மாவு பொங்க எத்தனை மணி நேரம் ஆகிறது? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

இதை வரிவரியாகப் பார்ப்போம்.

முதல் வரி அதிகம் பேர் கேட்ட கேள்வி, அவர்கள் கேட்ட சொல்லிலேயே. நீண்ட கமெண்ட்டை யூடியூப் சில வரிகளோடு மடித்துவிடும். மீதியைப் படிக்க ஒருவர் தட்ட வேண்டும். "வணக்கம் நண்பர்களே, காணொளி பிடித்திருந்தால்" என்று தொடங்கினால் தெரியும் அந்தச் சில வரிகளும் போய்விடும். இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால், அதாவது `*இப்படி*` எழுதினால், பதிவான பிறகு தடித்த எழுத்தாகத் தெரியும். குறிக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடக் கூடாது. விட்டால் நட்சத்திரம் அப்படியே நிற்கும்.

அடுத்த மூன்று வரிகள் நேரக் குறிப்புகள். நிமிடம், முக்காற்புள்ளி, வினாடி என்று 6:40 போல எழுதினால் அது தட்டக்கூடிய இணைப்பாக மாறும். 6.40 என்று புள்ளி வைத்தால் மாறாது. "6:40இல்" என்று ஒட்டி எழுதாமல் இடைவெளி விடுங்கள். காணொளி ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் 1:06:40.

விளக்கத்தில் ஏற்கெனவே அத்தியாயங்கள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அத்தியாயங்கள் காணொளியின் வரிசையில் போகும். 0:00 இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 வினாடியாவது நீள வேண்டும். பின் கமெண்ட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. அதில் கேள்விகளின் வரிசையில் போகலாம். 6:40 முதலில் வந்து 3:15 பின்னால் வந்ததைக் கவனியுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதே அந்த வரிசை. கமெண்ட்டில் எழுதும் நேரக் குறிப்பால் அத்தியாயம் உருவாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். விளக்கத்தில் இருப்பதை எடுத்துவிட்டு இங்கே போட்டால் ஓட்டப் பட்டையில் இருந்த பிரிவுகள் போய்விடும்.

"மாவு புளித்துப் பொங்க" என்ற இடத்தில் இரண்டு சொல்லும் வந்திருக்கின்றன. தேடுசொல் சேர்ப்பது என்றால் இதுதான். அக்காவின் சொல்லும் பார்வையாளரின் சொல்லும் ஒரே வாக்கியத்தில் இயல்பாக அமர்ந்திருக்கின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சொல்லக் கூசும் வாக்கியமாக இருந்தால் தேடுசொல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

திருத்தம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய விஷயம். ஒருமுறை வெளியான காணொளிக்குப் பதிலாக அதே முகவரியில் வேறு கோப்பை ஏற்ற முடியாது. Studio-வில் ஒரு பகுதியை வெட்டுவது, மங்கலாக்குவது போன்ற சில மாற்றங்களை மட்டுமே செய்யலாம். உளுந்து பாதியாகக் குறைந்தால் இட்லி கெட்டியாகிவிடும்; ஒரு வீட்டின் காலை உணவு கெடும். அளவு தவறு பின் கமெண்ட்டில் இல்லாமல் போவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். திருத்தத்தில் தவறான அளவு, சரியான அளவு, தவறு நேர்ந்த நேரம் மூன்றும் இருக்க வேண்டும். உடல் நலத்தையோ பணத்தையோ தொடும் தவறென்றால் அதை முதல் வரிக்கே கொண்டுவாருங்கள்.

கடைசி வரியில் ஒரே ஒரு கேள்வி. "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்றால் "சூப்பர்" என்று வரும். ஊரும் நேரமும் கேட்டதால் ஊட்டியிலிருந்து ஒருவர் இரவு முழுவதும் வைத்தும் போதவில்லை என்றார், சென்னையிலிருந்து ஒருவர் கோடையில் ஆறு மணி நேரத்தில் வழிந்துவிடுகிறது என்றார், டொராண்டோவில் இருப்பவர் அடுப்பைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு வைப்பதாகச் சொன்னார். புதிதாக வருபவருக்கு அந்தப் பதில்களே ஒரு குறிப்பேடு. எங்களுக்கோ "வெளிநாட்டுக் குளிரில் இட்லி மாவு" என்ற அடுத்த காணொளியின் தலைப்பு கிடைத்தது.

பதிவது, பின் செய்வது

எழுதியதை முதலில் ஒரு குறிப்புக் கோப்பில் சேமியுங்கள். பிறகு சேனலின் பெயரில் உள்நுழைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே கைபேசியில் தனிக் கணக்கும் சேனல் கணக்கும் இருந்தால் இது எளிதில் தவறும். நான் ஒருமுறை என் சொந்தப் பெயரில் பதிந்துவிட்டேன். பின் செய்தால் அது மேலேதான் நின்றது, ஆனால் யாரோ ஒருவர் எழுதிய திருத்தமாகத் தெரிந்தது. சேனல் பெயரில் இருந்தால்தான் அது அக்காவின் வாக்கு.

காணொளிப் பக்கத்தில் கமெண்ட்டைப் பதிந்து, அதன் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி Pin என்பதைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்யுங்கள். மேலே Pinned by என்று சேனல் பெயரோடு வரும். ஒரு காணொளிக்கு ஒன்றுதான் பின் செய்ய முடியும். புதிதாக ஒன்றைப் பின் செய்தால் பழையது அழியாது, சாதாரணக் கமெண்ட்டாக இறங்கிவிடும்.

நேரம் குறித்து வெளியிடும் காணொளி அந்த நேரம் வரை தனிப்பட்டதாகவே இருக்கும்; அதில் கமெண்ட் எழுத முடியாது. எனவே வெளியாகும் நிமிடத்தில் கையில் கைபேசியோடு இருங்கள். சேமித்ததை ஒட்டிப் பதிந்து பின் செய்ய ஒரு நிமிடம் போதும். முதலில் வரும் பார்வையாளர்கள்தான் கேள்வியும் முதலில் கேட்பார்கள்.

பிறகு வேறொரு கணக்கிலிருந்து, கைபேசியில், ஒவ்வொரு நேரக் குறிப்பையும் தட்டிப் பாருங்கள். பேச்சு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வினாடி முன்பாக இறங்குவது நல்லது. வாக்கியத்தின் நடுவில் இறக்கினால் பார்ப்பவர் குழம்புவார்.

பார்வையாளர் எழுதியதையும் பின் செய்யலாம். கேள்வி அழகாக அமைந்திருந்தால் அதைப் பின் செய்து அடியில் பதில் எழுதுவது இன்னும் உயிரோட்டமாக இருக்கும். ஆனால் அந்தக் கமெண்ட் அவருடையது. அவர் நினைத்தால் மாற்றலாம், அழிக்கலாம். அழித்தால் உங்கள் பதிலும் சேர்ந்து போகும். திருத்தத்தை ஒருபோதும் அப்படி வைக்காதீர்கள்.

பலன் தருகிறதா என்று பார்ப்பது

பார்வைகள் கூடினவா என்று பார்ப்பதில் பொருளில்லை. அதற்கு நூறு காரணம் இருக்கும். நான் பார்ப்பது இரண்டு. பின் செய்வதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் "பொங்க", "pongala" என்று எத்தனை கமெண்ட் வந்தன, பிந்தைய இரண்டு வாரங்களில் எத்தனை வந்தன என்று Studio-வில் தேடி எண்ணுவேன். பார்வைகளும் ஏறக்குறைய சமமாக இருக்கும் வாரங்களாகப் பார்த்து ஒப்பிட வேண்டும். அந்தக் கேள்வி குறைந்தால் கமெண்ட் வேலை செய்கிறது. குறையாவிட்டால் முதல் வரியில் சொல் தவறு, அல்லது நேரக் குறிப்பு சரியான இடத்தில் இறங்கவில்லை.

இரண்டாவது, பார்வையாளர் எவ்வளவு நேரம் நிலைக்கிறார் என்று காட்டும் வரைபடம். 6:40 அருகே சிறு மேடு எழுந்தால் ஆள்கள் அங்கே குதிக்கிறார்கள் அல்லது திரும்பப் பார்க்கிறார்கள் என்று அறியலாம். அதற்கு முந்தைய பகுதியில் வரைபடம் சரிந்தால், குதித்துப் போகிறார்கள் என்பதே பொருள். கற்றுக்கொடுக்கும் காணொளியில் இது கவலைப்பட வேண்டிய விஷயமில்லை. கதையாக, வரிசையாகப் பார்க்க வேண்டிய காணொளிக்கு இவ்வளவு நேரக் குறிப்புகள் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

மாற்றம் தேவைப்பட்டால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதாதீர்கள். கமெண்ட்டை அழித்தால் அதன் கீழ் வந்த எல்லாப் பதில்களும் போய்விடும். ஊட்டிக்காரரும் டொராண்டோக்காரரும் சொன்னது எல்லாம். திருத்து என்ற வசதியைப் பயன்படுத்துங்கள், முடித்ததும் பின் நிலைத்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். Studio-வில் காணொளியின் தொடக்கத்தில் பத்து வினாடி வெட்டினாலும் உங்கள் நேரக் குறிப்புகள் எல்லாம் பத்து வினாடி தள்ளிப்போகும். கமெண்ட் தானாக மாறாது.

ஷார்ட்ஸ் என்றால் வேறு கணக்கு. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸ் கமெண்ட்டுகளில் இடும் இணைப்பைத் தட்டித் திறக்க முடியாது. முழுக் காணொளியின் முகவரியை அங்கே ஒட்டுவதில் பயனில்லை. அந்தக் காணொளியின் பெயரை, தேடினால் கிடைக்கும்படி அப்படியே எழுதுங்கள். குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட காணொளியில் கமெண்ட் பகுதியே இராது. அங்கே எல்லாவற்றையும் விளக்கத்தில்தான் சொல்ல வேண்டும்.

பின் கமெண்ட்டின் பதில்களுக்குள் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும். எல்லோரும் திறந்து பார்க்கும் இடம் என்பதால் மோசடிக்காரர்களும் அங்கேதான் வருவார்கள். உங்கள் சேனலின் பெயரையும் படத்தையும் போலவே வைத்துக்கொண்டு, "பரிசு விழுந்திருக்கிறது, இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதுங்கள்" என்று பதில் இடுவார்கள். சேனல் உரிமையாளர் எழுதும் கமெண்ட்டில் பெயர் தனி நிறப் பட்டையில் தெரியும், போலிக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பார்வையாளர்களில் வயதான அம்மாக்கள் பலர், அவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட பதிலைக் கண்டதும் புகார் செய்து நீக்குங்கள், அந்தக் கணக்கைச் சேனலிலிருந்து மறையுங்கள். முதல் வாரம் தினமும் காலையும் மாலையும், பிறகு வாரம் இருமுறை பார்க்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேடுசொல் பட்டியலை மறுபடியும் எடுத்துப் பார்க்கிறேன். எங்கள் காணொளிக்கு மார்கழியில் "பொங்கவில்லை" என்று வருபவர்கள், சித்திரையில் "சீக்கிரம் புளித்துப் போகிறது" என்று வருகிறார்கள். அதனால் கோடை தொடங்கும்போது முதல் வரியை மட்டும் "வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கிறதா?" என்று மாற்றி, மாவைக் குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வைக்கும் நேரத்தைப் பற்றி அக்கா பேசும் 7:20 ஐ அடுத்த வரியாகச் சேர்க்கிறேன். திருத்த வரியும் கடைசிக் கேள்வியும் அப்படியே இருக்கின்றன.